கான்டின்ஜென்சி ரிசர்வ், மேனேஜ்மென்ட் ரிசர்வ்: கணக்கும் கையெழுத்தும்

பி.எம்.பி. என்ற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ் தேர்வுக்குப் படிப்பவர்கள், ரிஸ்க்குக்காக ஒதுக்கி வைக்கும் பணமான இந்த இரண்டு ரிசர்வையும் ஒரே வரியில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தெரிந்த ரிஸ்க்குக்குக் கான்டின்ஜென்சி, தெரியாததற்கு மேனேஜ்மென்ட் ரிசர்வ். வரி சரிதான். ஆனால் தேர்வில் பெரும்பாலும் வரையறையை நேரடியாகக் கேட்பதில்லை. ஒரு சூழலைச் சொல்லி, "அடுத்து ப்ராஜெக்ட் மேனேஜர் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பார்கள். பணம் எந்தப் பையில் இருக்கிறது, அந்தப் பையைத் திறக்க யார் அனுமதி வேண்டும் என்பது தெளிவாக இருந்தால்தான் விடை வரும். ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் அந்தத் தெளிவு கிடைக்கும்.

பழைய சர்வர்களிலிருந்து புதிய டேட்டா சென்டருக்கு மாறும் ஒரு ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தொகையும் ஆயிரத்தில். வேலைகளின் மதிப்பீட்டைக் கூட்டினால் 374 வருகிறது. தெரிந்த ரிஸ்க்குகளின் பட்டியலான ரிஸ்க் ரெஜிஸ்டரில் நான்கு பதிவுகள் உள்ளன. கருவிகள் தாமதமாக வர 30% வாய்ப்பு. வந்தால் செலவு 40. பழைய டேட்டாவைச் சுத்தம் செய்யும் வேலை இழுத்துக்கொள்ள 50% வாய்ப்பு, செலவு 24. டெஸ்டிங் ஒப்பந்ததாரர் பாதியில் விலக 10% வாய்ப்பு, செலவு 50. நான்காவது நல்ல ரிஸ்க்: லைசென்ஸில் தள்ளுபடி கிடைக்க 20% வாய்ப்பு, கிடைத்தால் 15 மிச்சம்.

வாய்ப்பையும் தாக்கத்தையும் பெருக்கினால் ஒவ்வொன்றின் எதிர்பார்ப்பு மதிப்பு கிடைக்கும்: 12, 12, 5, பிறகு மைனஸ் 3. நல்ல ரிஸ்க்கைக் கழிக்காமல் கூட்டிவிட்டு 29 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. விடைத் தேர்வுகளில் அந்தத் தவறான எண்ணும் பெரும்பாலும் காத்திருக்கும். சரியான கூட்டுத்தொகை 26. அதுதான் கான்டின்ஜென்சி ரிசர்வ்.

374-உடன் 26 சேர்ந்தால் 400. இது காஸ்ட் பேஸ்லைன், அதாவது செலவை ஒப்பிட்டு அளக்க ஒப்புதல் பெற்ற தொகை. அதன் மேல் நிறுவனத்தின் கொள்கைப்படி 5% மேனேஜ்மென்ட் ரிசர்வ் என்றால் 20. மொத்த ப்ராஜெக்ட் பட்ஜெட் 420. மேனேஜ்மென்ட் ரிசர்வுக்கு ரிஸ்க் வாரியான கணக்கு கிடையாது. எது வரும் என்றே தெரியாதபோது எதைப் பெருக்குவது? அதனால் நிறுவனத்தின் கொள்கை, முந்தைய ப்ராஜெக்ட்களின் அனுபவம், தொழில்நுட்பம் எவ்வளவு புதிது என்பதையெல்லாம் பார்த்து ஒரு சதவீதம் வைக்கிறார்கள். இந்த 5% நம் கணக்குக்காக எடுத்துக்கொண்டது. எல்லாருக்கும் பொதுவான விதி அல்ல.

இப்போது 26-க்குத் திரும்புவோம். பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இதுதான். இந்த எண் ஒரு சராசரி. கருவிகள் தாமதமானால் அந்த ஒன்றுக்கே 40 வேண்டும். பையில் இருப்பது 26. ஒப்பந்ததாரர் விலகினால் 50. நான்கும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்து எல்லாச் சேர்க்கைகளையும் கணக்கிட்டால், ரிசர்வ் பற்றாமல் போக சுமார் 34% வாய்ப்பு இருக்கிறது. அதாவது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 80% உறுதி வேண்டுமென்றால் ரிசர்வ் சுமார் 50 ஆக இருக்க வேண்டும், கிட்டத்தட்ட இரட்டிப்பு. நூற்றுக்கணக்கான சிறு ரிஸ்க்குகள் இருக்கும்போது ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டும். சராசரி நன்றாகவே வேலை செய்யும். நான்கைந்து பெரிய ரிஸ்க்குகள் மட்டும் இருக்கும்போது அது ஏமாற்றும். ரிஸ்க்குகளைப் பல்லாயிரம் முறை தற்செயலாக நிகழ்த்திப் பார்க்கும் மான்டி கார்லோ சிமுலேஷன் ஓட்டி, எந்த அளவு உறுதி வேண்டும் என்று ப்ராஜெக்டுக்குப் பணம் தரும் ஸ்பான்சரையே தீர்மானிக்கச் சொல்வது இதனால்தான். தேர்வில் சிமுலேஷன் பற்றிக் குறிப்பில்லாமல் வாய்ப்பும் தாக்கமும் மட்டும் தந்திருந்தால் பெருக்கிக் கூட்டுங்கள். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

அனுமதிக்கு வருவோம். டேட்டா சுத்தம் செய்யும் வேலை இழுத்துக்கொண்டது, 24 செலவாகிறது. இது ரெஜிஸ்டரில் இருந்த ரிஸ்க். அதற்கான பதில் நடவடிக்கையும் திட்டத்தில் இருந்தது. ப்ராஜெக்ட் மேனேஜர் தன் அதிகாரத்திலேயே கான்டின்ஜென்சியிலிருந்து எடுக்கலாம். பேஸ்லைன் 400-ஆகவே நிற்கிறது. ரிசர்வில் மீதி 2. "அந்த ரிஸ்க்குக்கு 12 தானே ஒதுக்கினோம்" என்ற கேள்வி இங்கே எழும். ஒதுக்கியது பொதுவான பைக்கு. 12 என்பது அந்தப் பையின் அளவைக் கணக்கிட உதவிய எண் மட்டுமே. ஆனாலும் மீதி 2 என்பது எச்சரிக்கை மணி. கருவிகளும் ஒப்பந்ததாரரும் இன்னும் ரெஜிஸ்டரில் இருக்கிறார்கள்; அவர்களுக்கான எதிர்பார்ப்பு மதிப்பு மட்டுமே 17. ரிசர்வ் அனாலிசிஸ் என்பது இந்த ஒப்பீடுதான்: மீதி ரிசர்வ் மீதி ரிஸ்க்குக்குப் போதுமா? போதவில்லை என்றால் இப்போதே ஸ்பான்சரிடம் சொல்ல வேண்டும், கருவிகள் தாமதமான பிறகு அல்ல.

அடுத்து, புதிய சர்வர் அறையின் தரை எடையைத் தாங்காது என்று தெரியவருகிறது. பலப்படுத்த 15 ஆகும். இது எந்தப் பட்டியலிலும் இல்லை. ப்ராஜெக்ட் மேனேஜர் நேராக 20-இல் கை வைக்க முடியாது. முதலில் தாக்கத்தை அளக்க வேண்டும், பிறகு சேஞ்ச் ரிக்வெஸ்ட் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒப்புதல் கிடைத்ததும் 15 மேனேஜ்மென்ட் ரிசர்விலிருந்து பேஸ்லைனுக்கு நகர்கிறது: பேஸ்லைன் 415, மேனேஜ்மென்ட் ரிசர்வ் 5, மொத்த பட்ஜெட் அதே 420. மொத்தம் மாறவில்லையே, பிறகு ஏன் இத்தனை சம்பிரதாயம் என்று தோன்றலாம். பேஸ்லைன் மாறினால் செயல்திறனை அளக்கும் அளவுகோலே மாறுகிறது, அதனால்தான்.

அந்த அளவுகோல் பற்றிய கேள்விகளில்தான் மதிப்பெண் அதிகம் நழுவுகிறது. முடிந்த வேலையின் மதிப்பைச் செலவோடு ஒப்பிடும் ஏர்ன்ட் வேல்யூ கணக்கில், திட்டமிட்ட மொத்தச் செலவான BAC என்பது பேஸ்லைன். மேனேஜ்மென்ட் ரிசர்வ் அதில் சேராது. தரைப் பிரச்சினை வருவதற்கு முன், செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு மதிப்புள்ள வேலை முடிந்தது என்று காட்டும் CPI 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் ஆகும் மொத்தச் செலவின் கணிப்பான EAC இப்படி வரும்:

```
EAC = BAC / CPI
400 / 0.8 = 500
```

மொத்த பட்ஜெட்டான 420-ஐப் போட்டால் 525 வரும். கேள்வியில் "ப்ராஜெக்ட் பட்ஜெட் 420, மேனேஜ்மென்ட் ரிசர்வ் 20" என்று மட்டும் கொடுத்திருந்தால், 20-ஐக் கழித்த பிறகே சூத்திரத்துக்குப் போக வேண்டும். "பேஸ்லைன் 400, கான்டின்ஜென்சி 26" என்றிருந்தால் எதையும் கழிக்கக் கூடாது. 26 ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

இரண்டு பையும் பொருந்தாத ஒரு சூழலும் உண்டு. வாடிக்கையாளர் கூடுதலாக ஒரு பேக்கப் தளம் கேட்கிறார். மீதி ரிசர்வ் அதற்குப் போதும். சில விடைகள் "கான்டின்ஜென்சியைப் பயன்படுத்தவும்" என்று ஆசை காட்டும். புதிய ஸ்கோப், அதாவது கூடுதலாகக் கேட்கும் வேலை, ரிஸ்க் அல்ல. அது சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதற்கான பணம் தனியாக வர வேண்டும். அதேபோல், டெஸ்டிங் முடிந்து ஒப்பந்ததாரர் ரிஸ்க் காலாவதியானால், அதற்காக இருந்த தொகையை வேறு வேலைக்குச் செலவழிப்பதும் சரியல்ல. ரிசர்வ் அனாலிசிஸில் காட்டி, வரவிருக்கும் ரிஸ்க்குக்கு அது தேவையில்லை என்று தெரிந்தால் விடுவித்துவிட வேண்டும்.