அயர்ன் காண்டோருக்கு அலர்ட் வைத்த கதை: பாயிண்ட் கணக்கை விட்டு ஸ்ட்ராடில் கணக்குக்கு

நிப்டி வாராந்திர ஆப்ஷனில் அயர்ன் காண்டோர் போடுகிறவர்களுக்கு, போடுவதைவிட அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பெரிய வேலை. எனக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார முடியாது. விற்ற இரண்டு ஸ்ட்ரைக்கில் எதை நோக்கி நிப்டி போனாலும் போனுக்குச் செய்தி வரும்படி ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதி வைத்தேன். அதில் எதையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது, ஏன் மாற்றினேன் என்பதை ஒரு வார டிரேடை வைத்துச் சொல்கிறேன்.

அந்த டிரேட் இதுதான். செவ்வாய் எக்ஸ்பைரி முடிந்து, புதன் காலை அடுத்த வாரத்துக்குப் போட்டது. நிப்டி 25,000. மேலே 25,400 கால் விற்று 25,600 கால் வாங்கினேன். கீழே 24,600 புட் விற்று 24,400 புட் வாங்கினேன். நான்கும் சேர்ந்து கைக்கு வந்த ப்ரீமியம் 45 பாயிண்ட். ஒரு பக்கம் முழுதாகப் போய்விட்டால் நஷ்டம் 155 பாயிண்ட். எக்ஸ்பைரியில் 24,555-க்கும் 25,445-க்கும் நடுவில் முடிந்தால் நஷ்டமில்லை. நிப்டி ஆப்ஷன் ஐரோப்பிய வகை, பணமாகவே செட்டில் ஆகும் என்பதால் நடுவில் யாரும் எக்சர்சைஸ் செய்துவிடுவார்களோ என்ற பயம் இல்லை. பயமெல்லாம் விலை நகர்வில்தான்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் அலர்ட், "ஸ்ட்ரைக்குக்கு 150 பாயிண்ட் பக்கத்தில் வந்தால் சொல்லு" என்பது. புரோக்கர் ஆப்பிலேயே அதை வைத்துவிடலாம். ஆனால் 150 பாயிண்ட் என்பதற்கு எல்லா நாளும் ஒரே பொருள் கிடையாது. புதன்கிழமை 150 பாயிண்ட் தூரம் என்றால் நிஜமாகவே ஆபத்து, அதைக் கடக்க சந்தைக்கு நான்கைந்து நாள் இருக்கிறது. அதே 150, செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு என்றால் சாதாரண நாளில் நிம்மதியாக மூச்சு விடலாம். வோலட்டிலிட்டி ஏறிய வாரத்தில் அந்தக் கணக்கும் மாறிவிடும். எனவே தூரத்தை, "மீதி இருக்கும் நேரத்தில் சந்தை எவ்வளவு ஓடக்கூடும்" என்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு ஓடும் என்பதைக் கணக்கிடப் பாடப்புத்தக வழி ஒன்று உண்டு. ஸ்பாட்டை இம்ப்ளைட் வோலட்டிலிட்டியால் பெருக்கி, அதை மீதி நேரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குவது. அதை முயன்றபோது இரண்டு இடத்தில் இடித்தது. இந்தியா விக்ஸ் 30 நாள் கணக்கு, என் ஆப்ஷனுக்கோ ஒரு வாரம்கூட இல்லை. இரண்டாவது, நேரத்தைக் காலண்டர் நாளாக எடுப்பதா, சந்தை நடக்கும் மணிநேரமாக எடுப்பதா என்பது. எக்ஸ்பைரி அன்று முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, 12 சதவீத வோலட்டிலிட்டிக்குக் காலண்டர் கணக்கு 32 பாயிண்ட் என்கிறது. ஒரு நாளைக்கு 6.25 மணி, வருடத்துக்கு 252 நாள் என்ற கணக்கு 76 பாயிண்ட் என்கிறது. கடைசி நாளில் இந்த வித்தியாசத்தை விட்டுவிட முடியாது.

இந்தச் சிக்கல் எதுவும் வேண்டாம் என்று ஏடிஎம் ஸ்ட்ராடிலுக்குப் போனேன். நிப்டிக்கு மிகப் பக்கத்தில் உள்ள ஸ்ட்ரைக்கின் கால் விலையையும் புட் விலையையும் கூட்டினால் போதும். மீதி நேரம், வோலட்டிலிட்டி, நடுவில் வரும் விடுமுறை, ரிசர்வ் வங்கி அறிவிப்பு என்று சந்தை எதையெல்லாம் எண்ணிப் பார்க்கிறதோ அதெல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறது. அதுவும் நான் விற்ற அதே எக்ஸ்பைரிக்கு. ஸ்ட்ரைக்குக்கு உள்ள தூரத்தை இந்த ஸ்ட்ராடிலால் வகுத்து வரும் விகிதத்தைத்தான் என் நிரல் பார்க்கிறது.

```python
def ratio(spot, strike, side, straddle):
    gap = strike - spot if side == "CE" else spot - strike
    return gap / max(straddle, 50)
```

இந்த மூன்று வரியில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. தூரம்தானே என்று `abs()` போடத் தோன்றும். போட்டால், நிப்டி 25,400-ஐத் தாண்டி 25,480-க்குப் போனதும் தூரம் மறுபடி 80 ஆகி, நிரல் "விலகிப் போகிறது, சரி" என்று நினைத்துக்கொள்ளும். அதனால்தான் காலுக்கு ஒரு திசை, புட்டுக்கு ஒரு திசை. தாண்டினால் விகிதம் மைனஸில் போக வேண்டும். இன்னொன்று அந்த 50. எக்ஸ்பைரி மாலையில் ஸ்ட்ராடில் கரைந்து இருபது முப்பது பாயிண்டாகிவிடும். அதை அப்படியே வைத்து வகுத்தால் ஸ்ட்ரைக்குக்கு 25 பாயிண்ட் தூரத்தில்கூட விகிதம் ஒன்றைத் தொட்டு நிம்மதி காட்டும். அதனால் 50-க்குக் கீழே இறங்க விடுவதில்லை.

விலைகளை எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். நிப்டிக்கு ஸ்பாட் இன்டெக்ஸ்தான், ஃபியூச்சர் இல்லை. மாத ஃபியூச்சர் ப்ரீமியத்தில் ஓடும்போது கால் பக்கம் வீணாகப் பயமுறுத்தும், புட் பக்கம் வீணாக ஆறுதல் சொல்லும். செட்டில்மென்ட்டும் இன்டெக்ஸின் முடிவு மதிப்பில்தான். ஸ்ட்ராடிலுக்குக் கடைசியாக வியாபாரமான விலையை எடுக்காமல், வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் நடுவை எடுக்கிறேன். காலை 9:15-க்கு அந்த இடைவெளி அகலமாக இருக்கும் என்பதால் 9:20 வரை விகிதத்தை நம்புவதில்லை.

அலர்ட் எல்லைகளை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு ஸ்ட்ரைக்கை எக்ஸ்பைரிக்கு முன்னால் நிப்டி ஒரு தடவையாவது தொடும் வாய்ப்பு, தோராயமாக அதன் டெல்டாவின் இரண்டு மடங்கு. விகிதம் 1.3 இருக்கும்போது டெல்டா ஏறக்குறைய 0.15, தொடும் வாய்ப்பு நூற்றுக்கு 30. நான் டிரேட் போடும் இடம் அது. விகிதம் 1 ஆனால் அது 40-ஐத் தாண்டுகிறது, அங்கே மஞ்சள் அலர்ட். 0.6 ஆனால் 60-ஐத் தாண்டுகிறது, அங்கே சிவப்பு. மஞ்சள் வந்தால் சந்தையைத் திறந்து பார்ப்பேன், எதையும் செய்ய மாட்டேன். சிவப்பு வந்தால் அந்தப் பக்கத்து ஸ்ப்ரெட்டை மூடிவிடுவேன். அலர்ட் வந்த பிறகு உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால் அலர்ட் வைத்ததில் அர்த்தமில்லை என்பதால் இதை முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த தொல்லை, ஒரே அலர்ட் திரும்பத் திரும்ப வருவது. விகிதம் 0.99, 1.01, 0.98 என்று எல்லைக்கோட்டிலேயே ஆடினால் போன் ஓயாமல் ஒலிக்கும். கொஞ்ச நேரத்தில் நாமே அதை மியூட் செய்துவிடுவோம். சிவப்பு வரும்போது அதுவும் மியூட்டில் இருக்கும். எனவே ஒரு தடவை அடித்த அலர்ட், விகிதம் எல்லைக்கு மேல் 0.15 ஏறினால்தான் மறுபடி தயாராகும்.

```python
if r < level and armed[key]:
    send(msg)
    armed[key] = False
elif r > level + 0.15:
    armed[key] = True
```

`armed` நிலையை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறேன். நடுவில் நிரலை நிறுத்தி ஓட்டினாலும் பழையது மறக்காது. 15 வினாடிக்கு ஒரு தடவை விலை எடுத்து, தொடர்ந்து இரண்டு தடவை எல்லைக்குக் கீழே இருந்தால்தான் அடிக்கும். எப்போதாவது வரும் தப்பான ஒற்றை விலைக்கு ஏமாறாமல் இருக்க அது. செய்தி டெலிகிராம் பாட் வழியாக வருகிறது. சிவப்புக்குத் தனி பாட், தனி ஒலி.

இவ்வளவும் செய்த பிறகு என்னை அதிகம் உறுத்தியது வேறு. அலர்ட் வரவில்லை என்றால் சந்தை அமைதியாக இருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம், நிரல் செத்துப்போய்விட்டது என்றும் பொருள் கொள்ளலாம். வெளியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஏபிஐ டோக்கன் தினமும் காலாவதியாகும், காலையில் புதிதாக லாகின் செய்ய வேண்டும். நிரல் ஓடிக்கொண்டே இருக்கும்போது விலை மட்டும் நின்றுவிடுவதும் உண்டு. பழைய விலையையே திரும்பத் தரும், பிழை எதுவும் காட்டாது. இதற்கு விலையோடு வரும் நேர முத்திரையைப் பார்க்கிறேன். ஒரு நிமிடத்துக்கு மேல் பழையதானால் அதுவே சிவப்பு பாட் வழியாக ஓர் அலர்ட். அதோடு மணிக்கு ஒரு தடவை, இரண்டு பக்க விகிதத்தையும் சொல்லும் ஒரு செய்தி ஒலியில்லாமல் வரும். அது வராவிட்டால் சத்தம் போடுவதற்கு வேறொரு கணினியில் சின்னதாக ஒரு காவல் நிரல் இருக்கிறது. செத்த நிரல் தன் சாவைத் தானே சொல்லாது, அதனால்தான் வேறு கணினி.

சரி, அந்த வாரத்துக்கு வருவோம். புதன் காலை ஸ்ட்ராடில் 310, இரண்டு பக்கமும் 400 பாயிண்ட் தூரம், விகிதம் 1.29. வெள்ளி மதியம் நிப்டி 25,180. தூரம் 220, ஸ்ட்ராடில் 223, விகிதம் 0.99. மஞ்சள் அடித்தது. பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். திங்கள் மதியம் 25,230-க்கு ஏறியது. என்னோடு டிரேட் செய்யும் அண்ணன் ஒருவர் போன் செய்து, "தம்பி, வெறும் 170 பாயிண்ட்தான் இருக்கு, இன்னும் வெச்சிருக்கியா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் ஸ்ட்ராடில் அதற்குள் 156-க்கு இறங்கியிருந்தது, விகிதம் 1.09. பாயிண்டில் பார்த்தால் ஸ்ட்ரைக் நெருங்கிவிட்டது. மீதி நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால் வெள்ளிக்கிழமையைவிடச் சற்று விலகித்தான் இருந்தது. "இருக்கட்டும்ணே, நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். 1.15-ஐத் தொடாததால் மஞ்சள் மறுபடி தயாராகவும் இல்லை.

அன்று இரவு பற்றி ஒன்று. சந்தை மூடிய பிறகு இந்த அலர்ட்டால் பயனே இல்லை. காலையில் 200 பாயிண்ட் கேப்பில் திறந்தால் ஸ்ட்ரைக்கைத் தாண்டித்தான் முதல் விலையே வரும். இரவில் கிஃப்ட் நிப்டியும், காலை ப்ரீ-ஓப்பனில் வரும் இன்டெக்ஸ் மதிப்பும் ஒரு குறிப்பு தரும், அவ்வளவுதான். இரவுக்குக் காவல், வாங்கி வைத்த இரண்டு விங் மட்டுமே. 155 பாயிண்ட் நஷ்டத்தைத் தாங்க முடியாத அளவில் லாட் எடுத்திருந்தால் அதை எந்த நிரலும் சரிசெய்யாது.

செவ்வாய் திறப்பு அமைதியாக இருந்தது, அப்புறம் ஏற ஆரம்பித்தது. பதினோரு மணிச் செய்தியில் நிப்டி 25,310, விகிதம் 0.76. அதைப் பார்த்ததும் ஆர்டரைத் தயார் செய்து வைத்தேன். 11:40-க்கு வந்தது:

```
சிவப்பு | CE 25400 | நிப்டி 25335 | தூரம் 65 | ஸ்ட்ராடில் 110 | 0.59
```

கால் ஸ்ப்ரெட்டை 27 பாயிண்டுக்குத் திரும்ப வாங்கினேன். விற்ற 25,400 காலை முதலில் வாங்கி, பிறகு 25,600 காலை விற்றேன். வரிசையை மாற்றினால் நடுவில் விற்ற கால் பாதுகாப்பில்லாமல் நின்று மார்ஜின் எகிறும். புட் பக்கம் ஒன்றும் மிச்சமில்லாததால் அப்படியே எக்ஸ்பைரிக்கு விட்டேன். 45-ல் 27 போக 18 பாயிண்ட், அதில் புரோக்கரேஜும் வரியும் கழியும்.

நிப்டி அன்று 25,372-ல் முடிந்தது. மூடாமல் விட்டிருந்தால் முழு 45-ம் கிடைத்திருக்கும் என்று அண்ணன் சொன்னார். கணக்கு சரிதான். ஆனால் 11:40-க்கு எனக்குத் தெரிந்தது, ஸ்ட்ரைக்கைத் தொடும் வாய்ப்பு நூற்றுக்கு 60-க்கு மேல் என்பது மட்டும்தான். இன்னும் 27 பாயிண்ட் கிடைக்கலாம் என்பதற்காக 155 பாயிண்டைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை. 0.6 என்ற எல்லையை அப்படியே வைத்து அடுத்த புதனுக்குப் புதிய ஸ்ட்ரைக்குகளைக் கோப்பில் ஏற்றினேன்.