ஏ.எஸ்.டி. 16-க்கு DSSAT ஓட்டிய அனுபவம்: கும்பப்பூவில் பொருந்தியது, கன்னிப்பூவில் பிரிந்தது

பயிர் மாடலை வைத்து எழுதிய தீசிஸ்களில் ஒரு வரி தவறாமல் வரும்: "மாடல் காலிபிரேட் செய்து வேலிடேட் செய்யப்பட்டது." எந்தத் தரவில் முதலாவது, எந்தத் தரவில் இரண்டாவது என்று தேடினால் பல நேரம் ஒரே பருவத்தின் ஒரே வயல்தான் கிடைக்கும். நான்கு தழைச்சத்து அளவுகளில் இரண்டை மாடலைச் சரிசெய்யவும் மீதி இரண்டைச் சோதிக்கவும் எடுத்திருப்பார்கள். மழை, வெயில், மண், நட்ட தேதி எல்லாமே ஒன்று. அதில் பொருந்தாமல் போனால்தான் அதிசயம்.

என் வயல் திருப்பதிசாரம் பக்கம். ரகம் ஏ.எஸ்.டி. 16, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் போடுகிற குறுகிய கால நெல். என் கையில் ஒரு கும்பப்பூ, அடுத்து ஒரு கன்னிப்பூ, அப்புறம் இன்னொரு கும்பப்பூ என மூன்று பருவம் இருந்தது. எனக்கு முன்னால் படித்த அக்கா ஒருவர் பூதப்பாண்டி பக்கம் ஒரு கன்னிப்பூவில் இதே ரகத்தில் எடுத்திருந்த குறிப்பும் கிடைத்தது. கைடு மேடம் அந்த நோட்டை வாங்கி விதைப்புத் தேதி, நாற்றின் வயது, உரம், தண்ணீர் விட்ட விவரம், வானிலை ஆகியவற்றை மட்டும் எனக்குத் தந்தார். பூத்த நாளும் மகசூலும் இருந்த பக்கங்கள் அவருடைய மேசை டிராயருக்குப் போய்விட்டன. "நீ ரன் பண்ணிக் கொண்டு வா, அப்புறம் காட்டுகிறேன்" என்றார். காலிபிரேஷன் எது, வேலிடேஷன் எது என்பதற்கு எனக்குக் கிடைத்த விளக்கம் அந்த டிராயர்தான்.

DSSAT என்ற பயிர் மாடல் மென்பொருளில் நெல்லுக்கான CERES-Rice மாடலில் ஒவ்வொரு ரகத்துக்கும் சில மரபுக் குணக எண்கள் கொடுக்க வேண்டும். பூக்கும் நாளைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மூன்று. P1 என்பது இளம்பருவம் முடியத் தேவையான வெப்ப அலகு. ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்து 9 டிகிரியைக் கழித்துக் கூட்டிக்கொண்டே போவது. P2O என்பது பகல் நீளத்தின் வரம்பு. பகல் அதைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு மணிக்கும் கதிர் உருவாவது எத்தனை வெப்ப அலகு தள்ளிப்போகும் என்பதை P2R சொல்லும். மகசூல் பக்கத்து எண்களான G1, G2, G3 ஆகியவற்றைத் தொடும் முன் பூக்கும் நாளும் முதிரும் நாளும் சரியாக வந்துவிட வேண்டும். பூ ஒரு வாரம் தள்ளிப்போனால் மணி நிரம்பும் காலத்தின் வெயிலே மாறிவிடும். அதற்குமேல் மகசூலைத் திருத்துவதில் பொருளில்லை.

முதல் கும்பப்பூவில், தழைச்சத்தோ தண்ணீரோ குறையாத பாத்திகளை மட்டும் காலிபிரேஷனுக்கு எடுத்தேன். குணக எண்கள் ரகத்தின் இயல்பைச் சொல்ல வேண்டியவை. பட்டினி கிடந்த பயிரிலிருந்து அதை எடுக்க முடியாது. குணக எண்களைத் தேடித் தரும் DSSAT-இன் GLUE கருவியை ஓட விட்டால் ஆயிரக்கணக்கான எண் கூட்டுகளைப் போட்டுப் பார்த்துப் பொருத்தமானவற்றை முன்னால் தள்ளும். மேலே வந்தவற்றில் இரண்டு கூட்டுகள் கண்ணில் பட்டன. மற்ற எண்கள் ஏறக்குறைய ஒன்றுதான். இவை மட்டும் வேறு:

```
       P1     P2R    P2O
A     580     150    12.0
B     632      20    12.0
```

இரண்டும் பூக்கும் நாளை 80 என்றே சொல்லின. வயலிலும் 80-ஆம் நாள்தான். இது ஏன் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பகல் நீளத்தை மாடல் அந்தி வெளிச்சத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. நம் அட்சரேகையில் கும்பப்பூப் பயிர் கதிர் உருவாக்கும் நவம்பர் கடைசியில் அது சுமார் 12.4 மணி. P2O-வைவிட 0.4 மணி கூடுதல். A-வில் 150-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 60. அதை 580-உடன் கூட்டினால் 640. B-யில் 20 × 0.4 = 8; 632-உடன் கூட்டினால் அதே 640. ஒன்றில் குறைத்ததை இன்னொன்றில் ஏற்றி ஈடுகட்டிக்கொள்கிறது. ஒரே பருவத்தின் தரவை வைத்துக்கொண்டு எத்தனை நாள் GLUE ஓட்டினாலும் இந்த இரண்டில் எது உண்மை என்று சொல்ல முடியாது. காலிபிரேஷன் பிழை பூஜ்யம் என்று பெருமைப்படும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

கன்னிப்பூவுக்கு வந்தால் கதை பிரிகிறது. ஜூனில் விதைத்துப் பயிர் கதிர் உருவாக்கும் ஜூலையில் பகல் 13.3 மணி, வரம்பைவிட 1.3 மணி கூடுதல். A-வின் கணக்கு 580 + 195 = 775. B-யின் கணக்கு 632 + 26 = 658. வித்தியாசம் 117 வெப்ப அலகு. இங்கே ஒரு நாளைக்குச் சராசரி 27.5 டிகிரி என்று வைத்தால் ஒரு நாளின் வெப்ப அலகு 18.5. அதாவது A, B-யைவிட ஆறு நாள் பின்னால் பூக்கச் சொல்லும். கும்பப்பூவில் ஒட்டிப் பிறந்த இரட்டைகள் போல இருந்தவை.

என் கன்னிப்பூ வயல் 82-ஆம் நாள் பூத்திருந்தது. B சொன்னது 81, A சொன்னது 87. இங்கேதான் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்க வேண்டியிருந்தது. கன்னிப்பூ வேலிடேஷனுக்கு என்று எடுத்து வைத்திருந்த தரவு. அதைப் பார்த்து B-யைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "கன்னிப்பூவில் வேலிடேட் செய்தேன், பிழை ஒரு நாள்" என்று எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் எண்ணைத் தேர்ந்தெடுக்க உதவிய தரவு, அந்த எண் சரி என்று சாட்சி சொல்ல முடியாது. மேடத்திடம் போனபோது அவர் சுருக்கமாகச் சொன்னார்: "கன்னிப்பூவைக் காலிபிரேஷனுக்குக் கொடுத்துவிடு. சோதிக்க வேறு தரவு இருக்கே."

சரி என்று கன்னிப்பூவையும் காலிபிரேஷனில் சேர்த்தேன். அதன்பின் கணக்கு எளிது. இரண்டு பருவத்துக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒன்று என்பதால், பூத்ததில் தெரியும் 2 நாள் வித்தியாசத்தைப் பகல் நீளத்தின் கணக்கில் எழுதலாம். 2 நாளுக்கு 37 வெப்ப அலகு. பகல் நீள வித்தியாசம் 0.9 மணி. 37-ஐ 0.9-ஆல் வகுத்தால் P2R சுமார் 40. அதற்கேற்ப P1 624. P2O-வை நான் தொடவில்லை. நம் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பகல் நீளம் சுமார் ஒரு மணி நேரம் மட்டுமே மாறுகிறது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் இருந்து வரம்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இந்த எண்களைத் தூக்கிக்கொண்டு போய் அந்தி வெளிச்சத்தைச் சேர்க்காமலே ஜூனில் பகல் 14 மணி நீளும் பஞ்சாபில் ஓட்டினால் அதற்கு நான் பொறுப்பில்லை. தீசிஸில் இதை நாகரிகமான மொழியில் எழுதியிருக்கிறேன்.

மகசூலுக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. DSSAT காட்டும் HWAM என்ற மகசூல் எண் ஈரப்பதமே இல்லாத உலர் எடை. நாம் களத்தில் 14 சதவீத ஈரத்துக்குத் திருத்தி எழுதுகிற எக்டேருக்கு 5,700 கிலோ, மாடலின் கணக்கில் 0.86-ஆல் பெருக்கிய 4,902 தான். இதை மாற்றாமல் உள்ளே போட்டால் மாடல் அந்தக் கூடுதல் எடையை எட்ட G1-ஐயோ G2-வையோ ஏற்றிக்கொள்ளும். மோசம் என்னவென்றால் வேலிடேஷன் இதைப் பிடிக்காது. இரண்டு தரவிலும் ஒரே தவறு இருப்பதால் எல்லாம் அழகாகப் பொருந்தும். நாற்றின் வயதைத் தவறாகக் கொடுப்பதும் இப்படித்தான். P1 அதை விழுங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க, எண்ணை வெளியில் அளந்த ஒன்றோடு ஒப்பிட வேண்டும். G2 ஒரு மணியின் எடையைக் கிராமில் சொல்கிறது. என் நெல்லில் ஆயிரம் மணி எடை 24 கிராம் வந்தது. ஆகவே G2 0.024-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மகசூலை எட்ட 0.031 தேவைப்படுகிறது என்று மாடல் சொன்னால், கோளாறு ரகத்தில் இல்லை. சூரியக் கதிர்வீச்சுக் கோப்பையோ, மண் கோப்பையோ, ஈரப்பதத்தையோ திரும்பிப் பார்க்க வேண்டும்.

எண்களை உறுதி செய்து, கோப்பைப் பூட்டி, தேதி போட்டு மேடத்துக்கு அனுப்பினேன். பிறகுதான் வேலிடேஷன். அக்காவின் கன்னிப்பூவுக்கு மாடல் சொன்னது 83. டிராயரிலிருந்து வந்த பக்கத்தில் 84. மனதுக்குள் ஒரு துள்ளல். மகசூலில் அந்தத் துள்ளல் அடங்கியது. மாடல் கணிசமாக அதிகம் சொன்னது. அதே பக்கத்தின் ஓரத்தில் அக்கா பென்சிலில் "இலைச்சுருட்டுப் புழு, கொடி இலை வெள்ளை" என்று எழுதியிருந்தார். பூச்சிச் சேதத்தை நாம் தனியாக உள்ளிட்டாலொழிய CERES-Rice அதை அறியாது. அந்த வயலைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை, காரணத்தோடு விட்டுவைத்தேன்.

இரண்டாம் கும்பப்பூவின் நான்கு தழைச்சத்து அளவுகளில் உலர் மகசூல் இப்படி வந்தது, எக்டேருக்குக் கிலோவில்:

```
N (kg/ha)      0     50    100    150
வயல்        3000   4000   4700   4900
மாடல்       3600   4300   4600   5000
```

மாடலின் சராசரிப் பிழையைச் சொல்லும் RMSE 343 கிலோ. வயல் சராசரி 4,150-க்கு 8.3 சதவீதம். 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மிக நன்று என்று எழுதுவது வழக்கம். இதை மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் உரமே போடாத பாத்தியில் மாடல் 600 கிலோ, அதாவது 20 சதவீதம், அதிகம் சொல்வது சராசரிக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். மாடலும் வயலும் சேர்ந்து ஏறி இறங்குவதை மட்டும் அளக்கும் R²-ஐ நம்பினாலும் இதே கதை. மாடல் எல்லாப் பாத்திக்கும் 800 கிலோ கூட்டிச் சொன்னாலும் R² ஒன்றை ஒட்டியே நிற்கும். உரம் போடாத பாத்தி பிசகுவதன் காரணம் ரகத்தின் எண்ணில் இருக்க வாய்ப்பில்லை, மற்ற பாத்திகள் நன்றாகத்தான் வருகின்றன. மண்ணில் ஏற்கெனவே இருந்த நைட்ரேட்டும் மட்கும் அளவும் கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் ஊகம். மண் மாதிரியை நான் நடவுக்கு முன் ஒருமுறைதான் எடுத்தேன். இந்தப் பிசகைச் சரிசெய்ய ஆரம்பத் தழைச்சத்தைக் குறைத்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் அப்படிச் செய்த நொடியில் இரண்டாம் கும்பப்பூவும் காலிபிரேஷன் ஆகிவிடும். சோதிக்க என்னிடம் வேறு பருவம் இல்லை. ஆகவே அட்டவணையை வந்தபடியே அச்சிட்டு, 50 கிலோவுக்குக் குறைவான தழைச்சத்துக்கு இந்த மாடலை வைத்துப் பரிந்துரை சொல்ல வேண்டாம் என்று அதன் கீழே எழுதினேன். வைவாவில் புறத்தேர்வாளர் அந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்.