சொல்லாமல் எடுத்த விடுப்பும் ஒன்பது வரிப் பதிலும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஷிப்பிங் ஆவணங்கள் தயாரிப்பது என் வேலை. ஒரு திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போகவில்லை. முந்தைய இரவு மகனுக்குக் கடும் காய்ச்சல். விடியும்வரை மருத்துவமனையில் இருந்தோம். எட்டு மணிக்கு அழைக்கலாம் என்றிருந்தேன், பிறகு ஒன்பதுக்கு என்று தள்ளினேன். பத்தரைக்கு மேல், இவ்வளவு நேரம் கழித்து என்ன சொல்வது என்ற கூச்சத்திலேயே கைப்பேசியை ஒலியடக்கி வைத்துவிட்டேன்.

அன்று ஒரு கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அதன் பேக்கிங் லிஸ்ட் என் கணினியில் மட்டுமே இருந்தது. பெட்டிகளின் எண்ணிக்கையும் நிகர எடை, மொத்த எடையும் கொண்ட அந்தத் தாள் கைக்கு வராமல் சுங்க முகவரால், ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறைக்குத் தரும் ஆவணமான ஷிப்பிங் பில்லைத் தாக்கல் செய்ய முடியாது. அது இல்லாமல் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போகாது. சக ஊழியர் ஒருவர் பெட்டிகளை மறுபடி எண்ணி, மாலையில் புதிதாகத் தயாரித்திருக்கிறார். லாரி ஏழு மணி நேரம் காத்துக் கிடந்தது.

இரவு மேலாளரின் மெயில் வந்தது. பொறுப்பற்ற செயல் என்றும், இது மூன்றாவது முறை என்றும், இப்படிப்பட்டவரை நம்பி வேலையை ஒப்படைக்க முடியாது என்றும் எழுதி, மனிதவளப் பிரிவுக்கும் நகல் போட்டிருந்தார். அது முறைப்படியான விளக்கம் கோரும் கடிதம் அல்ல, கோபத்தில் எழுதிய மெயில்தான் என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டேன். விதி எண்ணும் பதில் தர வேண்டிய கெடுவும் இருந்திருந்தால், தொழிற்சங்கத்தில் கேட்காமல் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பதில் பின்னால் விசாரணைக் கோப்பில் சேரும்.

அன்றிரவே எழுதிய முதல் வரைவு ஒரு பக்கத்துக்கு நீண்டது. அதில் பாதி மகனின் காய்ச்சலைப் பற்றியது. காலையில் படித்தபோதுதான் அதிலிருந்த ஓட்டை தெரிந்தது: காய்ச்சல், நான் வராததற்குக் காரணமே தவிர, சொல்லாததற்குக் காரணம் அல்ல, கைப்பேசி இரவு முழுவதும் என் கையில்தான் இருந்தது. அவர் கோபப்பட்டது இரண்டாவதற்கு. நானோ முதலாவதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். காய்ச்சலை ஒரே வரியாக்கினேன். 'ஆனால்', 'இருந்தாலும்' என்று தொடங்கிய வாக்கியங்கள் ஐந்து இருந்தன, ஐந்தையும் நீக்கினேன்.

'மூன்றாவது முறை' என்ற சொல்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. முந்தைய இரண்டும் முறையாக விண்ணப்பித்து அவரே ஒப்புதல் தந்த விடுப்புகள். மனிதவளப் பிரிவு படிக்கும் மெயிலில் அதை மறுக்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுத்தாலோ பேச்சு முழுவதும் அந்தக் கணக்குக்குத் திரும்பிவிடும். கடைசியில் 'திங்கட்கிழமை' என்ற நாளை மட்டும் குறிப்பிட்டு என் தவறின் எல்லையை வரையறுத்துக்கொண்டு, மற்றதை நேரில் பேச ஒதுக்கினேன். அனுப்பியது ஆங்கிலத்தில்; தமிழில் ஏறத்தாழ இப்படி வரும்:

"ஐயா, வணக்கம். உங்கள் மெயிலைப் படித்தேன். திங்கட்கிழமை வேலைக்கு வராததோடு, அதைத் தெரிவிக்கவும் இல்லை. மகனுக்கு உடல்நலம் சரியில்லை. எனினும் தகவல் சொல்ல எனக்கு வாய்ப்பு இருந்தது, நான் சொல்லவில்லை. அதனால் பேக்கிங் லிஸ்ட் கிடைக்காமல் லாரி ஏழு மணி நேரம் நின்றதையும், என் வேலையை இன்னொருவர் சுமந்ததையும் அறிவேன். அதற்காக வருந்துகிறேன். நடப்பு ஆர்டர்களின் ஆவணங்களை இன்று காலை பொதுக் கோப்புறைக்கு மாற்றிவிட்டேன். இனி வர இயலாத நாளில் காலை எட்டு மணிக்குள் உங்களை அழைத்துச் சொல்வேன். இன்று உங்களுக்கு வசதியான நேரத்தில் நேரில் வந்து பேச விரும்புகிறேன்."

'மாற்றிவிடுவேன்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்துக்காகவே அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய், கோப்புகளை மாற்றிய பிறகே மெயிலை அனுப்பினேன். அவர் நகல் போட்டவர்களுக்கு மட்டுமே நகல் போட்டேன்; ஆளைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் வேலையைச் சுமந்த சக ஊழியர் பட்ட பாட்டை மெயிலில் சொல்லியிருந்ததால், அதை அனுப்பும் முன்பே அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டிருந்தேன்.

பதிலாக வந்தது, "நான்கு மணிக்கு வரவும்" என்ற ஒரே வரி. அறையில் அவர் காய்ச்சலைப் பற்றி விசாரித்தார். பிறகு, நான் இல்லாத நாளில் ஷிப்பிங் பில் விவரங்களை யார் சரிபார்ப்பது என்று கேட்டார். அதைப் பேசி முடித்ததும், முந்தைய இரு விடுப்புகளின் ஒப்புதல் மெயில்களைக் காட்டினேன். பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மனிதவளப் பிரிவுக்கு அவர் அனுப்பிய குறிப்பில், தகவலின்றி வராத நாள் ஒன்று என்று இருந்தது. அந்த ஒரு நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது.