எத்தனை தேர்வு வைத்தால் போதும்?

இறுதி மதிப்பெண் நம்பகமாக அமைய எத்தனை குறுந்தேர்வு வைப்பது என்ற பேச்சு வந்தால், ஆளுக்கொரு எண் சொல்வார்கள். கையிலிருக்கும் மதிப்பெண் பட்டியலே அதற்குப் பதில் சொல்லும். உளவியலாளர்கள் ஸ்பியர்மேனும் பிரவுனும் 1910-இல் தனித்தனியே வெளியிட்ட சூத்திரம் இது:

```
R = k*r / (1 + (k-1)*r)
```

`r` என்பது ஒரு தேர்வின் நம்பகத்தன்மை, `k` தேர்வுகளின் எண்ணிக்கை, `R` அவற்றின் கூட்டு மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை. அதே போன்ற இன்னொரு தேர்வு வைத்தாலும் மாணவர்களின் வரிசை எவ்வளவு மாறாமல் வரும் என்பதை 0 முதல் 1 வரை சொல்வதே நம்பகத்தன்மை.

முதலில் `r` வேண்டும். நான்கு குறுந்தேர்வு நடந்திருந்தால் ஆறு இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணைக்கும் எக்செலில் `CORREL` போட்டு ஒட்டுறவுக் கெழுவை எடுக்கலாம். 0.21, 0.38, 0.27, 0.35, 0.30, 0.29 என்று வந்தால் சராசரி 0.30. நாற்பது பேர் வகுப்பில் ஒற்றை இணையின் கெழு 0.15 வரை எளிதாக ஏறி இறங்கும். அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல் சராசரியை எடுக்கிறோம்.

நான்கு தேர்வுக்கு `R` 0.63. ஆறுக்கு 0.72, பத்துக்கு 0.81. அதை 0.90 ஆக்க இருபத்தொன்று வேண்டும். பத்திலிருந்து அங்கே போனால் திருத்தும் வேலை இரட்டிக்கிறது, பலனோ சொற்பம். இறுதி மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 10 என்றால், 0.81-இல் அளவீட்டுப் பிழை சுமார் 4.4 மதிப்பெண். அப்போதும் 79-க்கும் 81-க்கும் வெவ்வேறு கிரேடு போடுவதற்குப் பெரிய ஆதாரம் இல்லை.

பலர் கவனிக்கத் தவறுவது எடையைத்தான். ஐந்து தேர்வில் ஒன்றுக்கு 60 சதவீதம், மற்ற நான்கிற்கும் தலா 10 என்று வைத்தால், எண்ணிக்கையில்தான் அது ஐந்து. எடைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.36 + 0.04 = 0.40, ஒன்றை அதால் வகுத்தால் 2.5. அதாவது சம எடையுள்ள இரண்டரைத் தேர்வு வைத்ததற்குத்தான் அது சமம். சம எடையில் 0.68 ஆக இருந்திருக்கும் நம்பகத்தன்மை இப்போது 0.52. அந்த 60 சதவீதத் தேர்வும் மற்றவற்றைப் போன்ற குறுந்தேர்வாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வானால் அதன் நம்பகத்தன்மை கூடுதலாக இருக்கும், அதைத் தனியாக அளக்க வேண்டும்.

எல்லாத் தேர்வும் ஒரே திறனை ஏறத்தாழ ஒரே கடினத்தில் சோதிக்கின்றன, ஒன்றில் நேரும் பிழை இன்னொன்றைத் தொடுவதில்லை என்பது சூத்திரத்தின் அனுமானம். குழு வேலையில் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போட்டு, அதே குழுவை எல்லா வேலைக்கும் வைத்திருந்தால் அது உடையும். குழுவின் பலம் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் ஏறி `r` 0.6, 0.7 என்று உயரும், மூன்று வேலையே போதும் என்று கணக்கு சொல்லும். குழுக்களைக் கலைத்து அடுத்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். `r` சட்டென்று இறங்கினால் அதுவரை அளந்தது மாணவரை அல்ல, குழுவை.