நான் சொன்ன டிஸ்சார்ஜ் வேற

பெரியவர் படிக்கட்டில் வழுக்கி விழுந்து முந்தின நாள் சாயங்காலம் வந்தவர். தலையில் ஐந்து தையல். காலையில் கட்டு மாற்றிவிட்டு, கூட நின்ற ஜூனியரிடம் "டிஸ்சார்ஜ் எதுவும் இல்ல, எழுதிக்கோ" என்றேன். சற்று நேரத்தில் அவர் மகள் வராந்தாவில் நின்று ஃபோனில் அழுதுகொண்டிருந்தார். "இன்னிக்கும் விட மாட்டாங்களாம்."

புண்ணில் சீழோ நீரோ வடியவில்லை என்பதைத்தான் நான் சொல்லியிருந்தேன். வாயால் சொல்லிப் புரியவைக்க அப்போது நேரமில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"அக்கா, புண்ணிலிருந்து வடிவதற்கும் நாங்கள் டிஸ்சார்ஜ் என்றுதான் சொல்வோம். அப்பாவுக்கு அது இல்லை, நல்ல விஷயம்.

ஸ்கேன் நன்றாக இருக்கும்போது அப்சர்வேஷன் எதற்கு என்று கேட்டீர்கள். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். முதல் ஸ்கேனில் தெரியாத ரத்தக்கசிவு அவருக்குப் பிறகும் வரலாம். அதனால்தான் முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கொரு தடவை, அடுத்த நாலு மணி நேரம் மணிக்கொரு தடவை, அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை எழுப்பினோம். பேர் கேட்டோம், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தோம், விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னோம். தூங்க விடவில்லை என்று ராத்திரி என்னைத் திட்டினார். திட்டினால் எங்களுக்கு நிம்மதி. எழுப்பியும் சரியாக முழிக்காமல் கண்ணை மூடிக்கொண்டால்தான் டாக்டரைக் கூப்பிட ஓடுவோம்.

வார்டுக்கு மாற்றுகிறோம் என்றதும் பயந்துவிட்டீர்கள். ஐசியூவிலிருந்து வார்டு என்றால் தேறி வருகிறார். அவசரப் பிரிவிலிருந்து வார்டு என்றால் இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டாவது.

டாக்டர் ரவுண்ட்ஸில் 'டிஸ்சார்ஜ்' என்றதும் வண்டிக்குச் சொல்லிவிடாதீர்கள். சம்மரி எழுதி, மருந்து வந்து, கணக்கு முடித்து, கையிலிருக்கும் ஊசியைக் கழற்ற மதியம் தாண்டலாம். அந்த ரத்த மாத்திரையைத் தொடர்வதா, எப்போது தொடங்குவது என்று சம்மரியில் பாருங்கள். இல்லாவிட்டால் கேட்காமல் கிளம்பாதீர்கள். வீட்டில் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிந்தாலோ உடனே கூட்டி வாருங்கள்."

மறுநாள் நான் கட்டிலருகே போகும்முன்பே அவர் அப்பாவின் இரண்டு காதையும் பார்த்து வைத்திருந்தார். "சிஸ்டர், காதுல டிஸ்சார்ஜ் இல்ல. வீட்டுக்கு டிஸ்சார்ஜ் எப்போ?"

இப்போதெல்லாம் கட்டு மாற்றும்போது "புண்ணு வடியல" என்று சொல்லப் பார்க்கிறேன். பாதி நாள் பழைய வார்த்தைதான் வாயில் வருகிறது.