நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர்

வனவியல் முடித்ததும் எனக்குக் கிடைத்தது, முதுமலைப் பக்கம் புலி ஆய்வுத் திட்டம் ஒன்றில் 11 மாத ஒப்பந்த வேலை. வரிகளை வைத்துத்தான் ஒவ்வொரு புலியையும் அடையாளம் காண்போம், ஆனால் அதன் இரண்டு பக்க வரிகளும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் தடத்தின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் ஒவ்வொரு கேமரா கட்டுவோம். இரை விலங்குகளை எண்ண, விடிந்ததும் 2 கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதையில் நடப்போம். மான் கூட்டம் தெரிந்தால் எத்தனை உருப்படி, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று அங்கேயே நின்று குறிக்க வேண்டும். வேகமாக நடந்தால் நாம் பார்க்கும் முன்பே அது ஓடிவிடும், கணக்கு குறைந்துபோகும். அந்த 2 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். முன்னால் போகும் வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் சட்டென்று நின்று கையைப் பின்னால் நீட்டினால் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன். லாந்தனா புதருக்குள் யானை நிற்கும். அவருக்கு வாசனை வந்திருக்கும்.

திட்டம் முடிந்தது, நீட்டிப்பு வரவில்லை. கடைசி இரண்டு மாதச் சம்பளமும் தாமதமாகத்தான் வந்தது. அடுத்து இன்னொரு திட்டம், இன்னொரு 11 மாதம். நிரந்தர வேலை வேண்டுமென்றால் வனத்துறை, இல்லையென்றால் கோவையிலும் டேராடூனிலும் இருக்கும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானியாக, முனைவர் பட்டம் இருந்தால் வாய்ப்பு கூடும். வீட்டு நிலைமைக்கு அத்தனை வருடம் காத்திருக்க முடியாது. டிஎன்பிஎஸ்சி வனத்தொழில் பழகுநர் தேர்வுக்குப் படித்தேன். பயிற்சி முடித்தால் வனச்சரகர். அறிவிப்பு சில வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், இடங்களும் குறைவு.

எழுத்துத் தேர்வு தேறியது. அடுத்து நடைத் தேர்வு: ஆண்களுக்கு 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர். காட்டிலேயே இருந்தவனுக்கு இது சுலபம் என்று நினைத்தேன். முதல் நாள் பயிற்சியில் 14-ஆவது கிலோமீட்டரில் குதிகால் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிட்டேன். காட்டு நடை நின்று நின்று போவது. இது தார்ச் சாலையில் நிற்காத நடை. கால் தசைக்கு இரண்டும் வேறு.

கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 36 நொடி. 9 நிமிடம் 15 நொடியில் போனால் கடைசியில் எட்டே முக்கால் நிமிடம் மிஞ்சும். அதைத்தான் இலக்காக வைத்தேன். பத்து வாரம், வாரத்துக்கு நான்கு நாள் நடை, ஞாயிறு மட்டும் நீண்ட தூரம்: 12-இல் தொடங்கி 22 வரை. பழகிய ஷூ, முந்தைய நாள் வெட்டிய நகம், குதிகாலில் பிளாஸ்டர்.

தேர்வன்று முதல் 5 கிலோமீட்டரில் பலர் என்னைத் தாண்டிப் போனார்கள். பின்னால் ஓடவில்லை, கடிகாரத்தைப் பார்த்தே நடந்தேன். 18-க்கு மேல் தொடை இறுகியது, கிலோமீட்டருக்கு 10 நிமிடம் ஆனது. மிச்சம் வைத்திருந்த நேரம் அங்கேதான் செலவானது. முன்னால் போனவர்களில் சிலர் ஓரமாக உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 3 மணி 57 நிமிடத்தில் கோட்டைத் தொட்டேன்.