காதில் குத்திய வலியும் கீழ்த்தாடைத் துளையும்

பல் வலி என்று வருபவர் விரலை வைத்துக் காட்டும் இடம் வலி தெரியும் இடம்தானே ஒழிய, வலி பிறக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை. தக்கலைப் பக்கத்துச் சிறிய மருத்துவமனை ஒன்றில் பல் மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு இதை ஐயமறக் காட்டியது, முந்திரி ஆலையில் பருப்பு உரிக்கும் நடுத்தர வயதுப் பெண் ஒருவரின் இடப்பக்கக் காது வலி. அவருடைய வலியைப் புரிந்துகொள்ள, முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பின் வழிகளை முதலில் சொல்லியாக வேண்டும்.

மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளில் ஐந்தாவதாகிய இது, மண்டையோட்டை விட்டு மூன்று கிளைகளாக, மூன்று வெவ்வேறு வாயில்கள் வழியாக வெளியேறுகிறது. முதலாவதான கண் கிளை, கண்குழியின் பின்புறத்தில் உள்ள மேல் பிளவின் வழியே வந்து, நெற்றி, மேலிமை, உச்சந்தலை வரையுள்ள தோல், மூக்குத் தண்டு, மூக்கு நுனி ஆகியவற்றுக்கு உணர்வு தருகிறது. இரண்டாவதான மேல்தாடைக் கிளை, ஃபொரமென் ரொட்டண்டம் எனப்படும் வட்டத் துளையின் வழியே வெளியேறி, கண்குழியின் தரையை ஒட்டி ஓடி, கீழ்க்கண்குழித் துளை வழியாக முகத்துக்கு வருகிறது. கீழிமை, மூக்கின் பக்கவாட்டு, கன்னத்தின் முன்பகுதி, மேலுதடு, மேல்வரிசைப் பற்கள் அனைத்தும் இதன் ஆட்சிக்குள் அடங்கும். மூன்றாவதான கீழ்த்தாடைக் கிளை, ஃபொரமென் ஓவேல் எனப்படும் நீள்வட்டத் துளையின் வழியே இறங்குகிறது. கீழுதடு, மோவாய், கன்னத்தின் ஒரு பகுதி, காதின் முன்புறம், நெற்றிப்பொட்டு, கீழ்வரிசைப் பற்கள், நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கு ஆகியவற்றின் உணர்வும், மெல்லும் தசைகளின் அசைவும் இதனுடைய பொறுப்பு. இந்த மூன்று கிளைகளும் முகத்தோலை அடையும் முக்கியத் துளைகள், அதாவது புருவத்திலும் கண்ணுக்குக் கீழேயும் மோவாயிலும் உள்ளவை, கண்மணி வழியாக இறங்கும் ஏறத்தாழ ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்துள்ளன. விரலால் தடவித் துளையைத் தேடும்போது இந்தக் கோடு பெரிதும் உதவுகிறது.

இந்த வரைபடத்தில் பலர் தவறவிடும் ஓர் எல்லை உண்டு. தாடையின் கோணத்தைப் போர்த்தியுள்ள தோல் முக்கிளை நரம்புக்கு உரியது அன்று. அதற்குக் கழுத்திலிருந்து ஏறிவரும் நரம்பு உணர்வு தருகிறது. ஆகவே கீழ்த்தாடை முழுவதும் மரத்திருக்கும்போதும், அந்த இடத்தில் திரண்ட சீழ்க்கட்டியை வெளியிலிருந்து கீறினால் நோயாளி துடித்துவிடுவார். அங்கே தோலுக்கு அடியில் தனியாக மருந்து செலுத்தியே ஆக வேண்டும்.

அந்தப் பெண் பல வாரங்களாக இடக்காதிலும் நெற்றிப்பொட்டிலும் வலி என்று காது மருத்துவரிடம் போயிருந்தார். காதில் குறை ஏதுமில்லை என்று அவர் பல் பார்க்க அனுப்பியிருந்தார். “காதுக்குள்ள குத்துது டாக்டரே, இந்த மேல்பல்லத்தான் எடுக்கணும்” என்று அந்தப் பெண் சுட்டியது, பழைய அடைப்பு இருந்த இடப்பக்க மேல் கடைவாய்ப் பல்லை. அதே பக்கத்துக் கீழ்வரிசையில், சாய்ந்து முளைத்த ஞானப்பல் முட்டிக்கொண்டிருந்த இரண்டாம் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம், ஈறுக்குச் சற்றுக் கீழே சொத்தை ஆழமாக இறங்கியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. குளிர்ச்சி வைத்துப் பார்த்தபோது அவர் மேலும் கீழும் எல்லாப் பற்களுக்கும் முகம் சுளித்தார். தட்டிப் பார்த்ததிலும் தெளிவு கிடைக்கவில்லை. பார்வைக்குக் கீழ்ப்பல்தான் குற்றவாளி என்று தோன்றினாலும், அவர் அவ்வளவு உறுதியாக மேல்பல்லைச் சொல்லும்போது, தோற்றத்தை மட்டும் நம்பி எந்தப் பல்லிலும் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

“அம்மா, முதலில் மேலே மட்டும் மரக்க வைக்கிறேன், வலி குறைகிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்” என்று சொல்லி, 1:80,000 அளவில் அட்ரினலின் கலந்த 2 விழுக்காடு லிக்னோகெய்ன் மருந்தை, மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு வெளிப்புறமாக 1 மி.லி. அளவுக்குச் செலுத்தினேன். மேல்தாடையின் வெளிப்புற எலும்பு மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. அதனால் வேர் நுனிக்கு அருகே வைத்த மருந்து ஊறி உள்ளே சென்றுவிடுகிறது. சில நிமிடங்களில் மேல் ஈறும் பற்களும் மரத்தன. காது வலியோ இம்மியும் குறையவில்லை. அதாவது, வலி இரண்டாவது கிளையின் அந்தப் பகுதியிலிருந்து வரவில்லை.

கீழ்த்தாடையில் இந்த எளிய வழி பெரியவர்களின் கடைவாய்ப் பற்களுக்குப் போதிய பலன் தருவதில்லை, ஏனெனில் அங்கே வெளிப்புற எலும்பு தடித்தது. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் முன்பே அதை மறிக்க வேண்டும். நுழையும் இடம், தாடையின் மேலெழும் எலும்புத் தகட்டின் உட்புறத்தில் உள்ள கீழ்த்தாடைத் துளை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளையைத் தேட வாய்க்குள் மூன்று அடையாளங்கள் உள்ளன. வாயை அகலத் திறக்கச் செய்து, எழும் எலும்பின் முன்விளிம்பில் உள்ள குழிவில் இடது கட்டைவிரலை வைக்கிறேன். அதற்கு உட்புறமாக, மேலிருந்து கீழாக இறங்கும் சளிச்சவ்வு மடிப்பு தெரியும். விரலுக்கும் அந்த மடிப்புக்கும் இடையில், கீழ்ப்பற்களின் மெல்லும் பரப்புக்கு 6 முதல் 10 மி.மீ. உயரத்தில் ஊசி நுழைய வேண்டும். சிரிஞ்சின் உடல் எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்களின் மேல் கிடக்க வேண்டும். சிறுவர்களுக்கு இந்த உயரம் பொருந்தாது; அவர்களின் துளை மெல்லும் பரப்பின் மட்டத்திலோ அதற்குக் கீழோ இருப்பதால் ஊசியும் தாழ்ந்து செல்ல வேண்டும்.

சுமார் 20 முதல் 25 மி.மீ. ஆழத்தில் ஊசிமுனை எலும்பைத் தொடும். அந்தத் தொடுதலே என்னைப் பொறுத்தவரை இந்த ஊசியின் உயிர்நாடி. பாதி ஆழத்துக்குள்ளேயே எலும்பு தட்டினால் முனை மிகவும் முன்னால் நிற்கிறது என்று பொருள். சற்றே பின்னிழுத்து, சிரிஞ்சை வாயின் முன்பக்கம், எதிர்ப்பக்கக் கோரைப்பல்லின் மேலாகக் கொண்டுவந்து மீண்டும் செலுத்த வேண்டும். எலும்பே தட்டவில்லை என்றால் முனை பின்னால் போய்விட்டது. சிரிஞ்சை எதிர்ப்பக்கக் கடைவாய்ப் பற்களை நோக்கித் திருப்ப வேண்டும். எலும்பு தட்டாத நிலையில் ஒரு துளி மருந்தும் செலுத்தக் கூடாது. தட்டியதும் 1 மி.மீ. பின்னிழுத்து, இரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்த பிறகே, ஏறத்தாழ 1.5 மி.லி. மருந்தை ஒரு நிமிடமாவது எடுத்துக்கொண்டு மெல்லச் செலுத்துகிறேன். ஊசியை வெளியே எடுத்து வரும் வழியில் விடும் சிறிதளவு மருந்து நாக்கு நரம்பை மரக்க வைக்கும்.

ஐந்து நிமிடத்துக்குள் அந்தப் பெண்ணின் இடப்பக்கக் கீழுதடு நடுக்கோடு வரை தடித்ததுபோல் ஆயிற்று. அதோடு காதுக்குள் குத்திய வலியும் நெற்றிப்பொட்டு வலியும் நின்றுவிட்டன. அப்போது பஞ்சு நுனியால் அவருடைய காதின் முன்புறத்தைத் தொட்டேன். தொடுவதை அவர் தெளிவாக உணர்ந்தார். இதுதான் இந்தச் சோதனையின் சாரம் என்று கருதுகிறேன். காதின் முன்புறத்துக்குப் போகும் நரம்பு, கீழ்த்தாடைக் கிளையிலிருந்து மேலே, நான் மருந்து வைத்த இடத்துக்கு எட்டாத உயரத்திலேயே பிரிந்துவிடுகிறது. காது மரக்கவில்லை, ஆனால் காது வலி போய்விட்டது. வலி காதில் பிறந்திருந்தால் இது நடந்திருக்காது. கீழ்ப்பல்லிலிருந்து வரும் செய்தியும் காதிலிருந்து வரும் செய்தியும் மூளைத்தண்டில் ஒரே நரம்பணுக்களில் சென்று கூடுவதால், மூளை இடத்தை மாற்றி எண்ணிக்கொள்கிறது. மேல்பல்லை அவர் சுட்டியதும் அதே குழப்பத்தால்தான்.

இந்த ஊசி கீழ்வரிசையில் அந்தப் பக்கத்துப் பற்கள் அனைத்தையும் மரக்க வைப்பதால், எந்தப் பல் என்பதை அது சொல்லாது. அதற்கு எக்ஸ்ரேயும் நேரடிப் பார்வையும் தேவைப்பட்டன. உதடு நன்கு மரத்தும் வலி மாறாமல் இருந்திருந்தால், பல்லை விட்டுத் தாடை மூட்டையும் தொண்டையையும் நினைத்திருப்பேன். நடந்தால் கூடி, உட்கார்ந்தால் தணியும் இடத்தாடை வலி என்றால், ஊசியைக் கீழே வைத்துவிட்டு இதயத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த வலியை எந்தப் பல் ஊசியும் தணிக்காது.

மேல்பல்லைத் தொடாமல், கீழ்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை தொடங்கினோம். உதடு மரத்திருந்தும், பல்லின் உள்ளிருக்கும் மென்மையான பல்கூழைத் தொட்டபோது அவர் கையை உயர்த்தினார். உதடு மரத்தால் நரம்பு மறிக்கப்பட்டது என்பது மட்டுமே உறுதி. அழற்சி கொண்ட பல்கூழ் மரத்ததா என்பது வேறு கேள்வி. மேலும், கீழ்த்தாடைத் துளைக்குச் சற்று மேலேயே ஒரு சிறு கிளை பிரிந்து, தாடையின் உட்புறமாக ஓடி, சிலருக்குக் கடைவாய்ப் பற்களுக்கும் உணர்வைக் கொண்டுசெல்கிறது. ஆகவே பல்லின் நாக்குப் பக்கத்தில் சிறிது மருந்தும், வேரைச் சுற்றிய இணைப்பிழையில் சில துளிகளும் செலுத்திய பிறகே அவர் அமைதியாகப் படுத்திருந்தார். பல்லைப் பிடுங்குவதாக இருந்தால் இன்னொன்றும் வேண்டும்: கன்னப்பக்க ஈறுக்கு உணர்வு தரும் நரம்பு இந்தத் துளைக்குள் நுழைவதே இல்லை, கடைசிப் பல்லுக்கு வெளிப்புறம் 0.3 மி.லி. அளவில் தனி ஊசி போட வேண்டும்.

எலும்பு தட்டாமல் பின்னால் செலுத்திய மருந்து காதுக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போனால், அங்கே ஓடும் ஏழாவது நரம்பு செயலிழக்கும். உதடு மரப்பதற்குப் பதிலாக வாய் ஒரு பக்கம் கோணி, அந்தப் பக்கத்துக் கண் மூட முடியாமல் நிற்கும். ஐந்தாம் நரம்பு முகத்தின் உணர்வு; ஏழாம் நரம்பு முகத்தின் அசைவு. இந்த வேறுபாடு தெரிந்தால் உறவினர்கள் பக்கவாதம் என்று பதறும்போது காரணத்தை விளக்க முடியும். ஆனால் கையிலோ பேச்சிலோ தளர்வு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும். சில மணி நேரத்தில் மருந்தின் வீரியம் அடங்கியதும் அசைவு திரும்பிவிடும். அதுவரை கண் உலராதபடி இமையை மூடிப் பஞ்சு வைத்துக் கட்டுகிறோம்.

உதட்டின் மரப்பு வழக்கமாக 3 முதல் 5 மணி நேரத்தில் தெளியும். மறுநாளும் தெளியவில்லை என்று யாராவது வந்தால், கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டும் மழுங்கிய முனையால் மெல்லக் குத்தியும், உணர்வு தொடங்கும் எல்லையைத் தோலில் பேனாவால் குறித்து, அதை முகப் படத்தில் பதிந்து, தேதியிட்டு வைக்கிறேன். உதடும் மோவாயும் என்றால் கீழ்த்தாடைத் துளைக்குள் நுழையும் நரம்பு, நாக்கு என்றால் நாக்கு நரம்பு என்று பிரித்துக்கொண்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை அதே சோதனையைத் திரும்பச் செய்து, கோடு உள்நோக்கிச் சுருங்குகிறதா என்று ஒப்பிடுகிறேன். பெரும்பாலானவை சில வாரங்களில் சுருங்கி மறைகின்றன. இரண்டு மாதங்கள் ஆகியும் கோடு அசையாதவர்களை வாய், தாடை அறுவை மருத்துவரிடம் அந்தப் படத்தோடு அனுப்பிவைக்கிறேன்.